13-ஆம் கேள்விக்கு மதிப்பெண் எங்கே?

விடைத்தாள் திருத்தத்தில் நேரும் பிழைகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது கூட்டல் பிழை: உள்ளே போட்ட மதிப்பெண்கள் முகப்புப் பக்கக் கட்டத்துக்கு மாறிப் போயிருக்கும், அல்லது மொத்தம் தவறாகக் கூட்டப்பட்டிருக்கும். இரண்டாவது விடுபாடு: மாணவர் எழுதிய ஒரு விடை திருத்தப்படாமலே போயிருக்கும். மூன்றாவது மதிப்பீட்டு வேறுபாடு: விடை திருத்தப்பட்டிருக்கும், ஆனால் கிடைத்த மதிப்பெண் குறைவு என்று மாணவர் கருதுவார். முதல் இரண்டையும் தாளைப் புரட்டிக் காட்டினாலே போதும். மூன்றாவதற்கு வாதாட வேண்டும். கல்லூரிக்குக் கொடுக்கும் புகார் மனு எடுபடுவதும் படாததும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைகிறது. மூன்றையும் ஒரே பத்தியில் கலந்து, ‘நான் நன்றாகத்தான் எழுதியிருந்தேன்’ என்று முடிக்கும் மனுவில் வலுவான குறையும் வலுவற்ற குறையோடு சேர்ந்து அமுங்கிவிடும்.

எனவே முதலில் கைக்கு வர வேண்டியது விடைத்தாள் நகல். முடிவு வெளியானதும் விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டணமும் கடைசி நாளும் அறிவிக்கப்படும். அவகாசம் பெரும்பாலும் சில நாட்கள்தான். நகலைப் பார்க்காமல் நேரடியாக மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுபவர்கள் பலர். எங்கே பிழை என்று தெரியாமல் கட்டும் பணம் அது. நகல் வந்தவுடன் பக்கங்களை எண்ணிப் பார்க்க வேண்டும், கையெழுத்து தன்னுடையதுதானா என்று பார்க்க வேண்டும், கூடுதல் தாள் வாங்கி எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தாள் மாறிப்போவது அரிது. நேர்ந்துவிட்டால் மற்ற எந்தப் பிழையையும் விட அதுவே பெரிது.

ஓர் எடுத்துக்காட்டு. 100 மதிப்பெண் தாள் ஒன்று. ‘அ’ பகுதியில் 10 இரண்டு மதிப்பெண் கேள்விகள், ‘ஆ’ பகுதியில் 11 முதல் 15 வரை ஐந்து 13 மதிப்பெண் கேள்விகள், ‘இ’ பகுதியில் ஒரு 15 மதிப்பெண் கேள்வி. தேர்ச்சிக்கு எழுத்துத் தேர்வில் 45 வேண்டும். ஒரு மாணவிக்கு 39 வந்திருக்கிறது. அரியர்.

நகலை அவர் முதல் பக்கத்திலிருந்து புரட்டி, ஒவ்வொரு விடையின் ஓரத்திலும் உள்ள எண்ணைத் தனித்தாளில் எழுதுகிறார். ‘அ’ பகுதியில் 14. பிறகு 11-ஆம் கேள்விக்கு 7, 12-க்கு 6, 14-க்கு 8, 15-க்கு 4, ‘இ’ பகுதிக்கு 5. கூட்டினால் 44. முகப்புக் கட்டத்திலோ 14-ஆம் கேள்விக்கு நேராக 3 என்று இருக்கிறது. அவசரத்தில் எழுதிய 8, எடுத்தெழுதியவர் கண்ணுக்கு 3 ஆகிவிட்டது. ஐந்து மதிப்பெண் போன வழி இதுதான்.

அதைச் சரிசெய்தாலும் 44தான், ஒன்று குறைகிறது. இனி 13-ஆம் கேள்வி. கட்டத்தில் அதற்கு நேரே கோடு போடப்பட்டிருக்கிறது, எழுதவில்லை என்று பொருள். ஆனால் 27-ஆம் பக்கத்தில் 13(ஆ) விடை இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்த மாணவி, 15-ஆம் விடையை முடித்து இரண்டு பக்கம் வெறுமையாக விட்டு, பிறகு அதை எழுதியிருக்கிறார். வெற்றுப் பக்கத்தைக் கண்ட திருத்துநர், விடைகள் அத்தோடு முடிந்தன என்று கொண்டிருக்கிறார். அந்த மூன்று பக்கங்களில் சிவப்பு மையின் சுவடே இல்லை. விடுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. பூஜ்யம் போட்டிருந்தால் அது ஒரு தீர்ப்பு. அதை ஏற்கலாம், மறுக்கலாம். இங்கே யாரும் படிக்கவே இல்லை. மைய மதிப்பீட்டு முகாமில் ஒரு நாளைக்குக் கட்டுக்கட்டாகத் தாள் திருத்துபவருக்கு இப்படி நேர்வது புரிந்துகொள்ளக்கூடியதே. அதற்காக ஒரு மாணவி ஆறு மாதம் காத்திருந்து மறுபடி எழுத வேண்டும் என்பது நியாயமாகாது.

12-ஆம் கேள்விக்கு 6 குறைவு, 9 வர வேண்டும் என்பதும் அவர் எண்ணம். இது மூன்றாவது வகை. இதற்கு முதலில் அந்தப் பாடம் நடத்திய ஆசிரியரிடம் நகலைக் காட்ட வேண்டும். அவரும் ஒப்புக்கொண்டால், எந்தப் படிநிலைக்கு மதிப்பெண் விடுபட்டது என்பதை அவர் குறிப்பாக எழுதித் தர, பாடத்திட்டத்தில் உள்ள நூலின் அந்தப் பக்க நகலோடு இணைக்கலாம். சில பல்கலைக்கழகங்கள் இத்தகைய பரிந்துரையையே கேட்கின்றன. ஆசிரியர் 6 சரிதான் என்றால் அந்தக் குறையை விட்டுவிடுவது நல்லது.

மனு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு, கல்லூரி முதல்வர் வழியாகப் போக வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியென்றால் அந்த அலுவலர் கல்லூரிக்குள்ளேயே இருப்பார். இணைப்புக் கல்லூரியென்றால் பல்கலைக்கழகத்தில் இருப்பார். பதிவு எண், பாடக் குறியீடு, தேர்வு நாள் மூன்றும் தலைப்பிலேயே இருக்கட்டும். பிறகு குறைகள், எண்ணிட்டு: “விடைத்தாளின் 19-ஆம் பக்கத்தில் 14-ஆம் கேள்விக்கு 8 மதிப்பெண் வழங்கப்பட்டுள்ளது. முகப்புக் கட்டத்தில் 3 எனப் பதிவாகியுள்ளது. 27 முதல் 29 வரையுள்ள பக்கங்களில் எழுதப்பட்ட 13(ஆ) விடை மதிப்பிடப்படவில்லை. முதலாவதைத் திருத்தி, இரண்டாவதை மதிப்பிட்டு, திருத்திய முடிவை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.” மனுவின் உயிர் இவ்வளவுதான். குடும்பச் சூழல், வேலைவாய்ப்பு நேர்காணல், திருத்துநரைப் பற்றிய சந்தேகம் எதையும் இதில் சேர்க்கத் தேவையில்லை. ஆதாரமில்லாத குற்றச்சாட்டு ஒன்று நுழைந்தால், ஆதாரமுள்ள இரண்டு குறைகளும் அதன் நிழலில் போய்விடும்.

இணைப்பில் விடைத்தாள் நகல் முழுவதும், வினாத்தாள், ஹால் டிக்கெட், முடிவின் அச்சுப்படி, கட்டண ரசீது. குறித்த பக்கங்களை மட்டும் வைத்தால் மீதியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழும். நகலின் மேல் பேனாவால் எதுவும் எழுதக் கூடாது. இன்னொரு ஜெராக்ஸ் எடுத்து அதில் வட்டமிட வேண்டும். மனுவின் இரண்டாம் படியில் அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கிவைக்க வேண்டும். கடைசி நாள் கடந்துவிட்டது என்று பின்னால் யாராவது சொன்னால் அந்த முத்திரைதான் பதில். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தால் எது செல்லும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், விதியை முன்பே படித்துவிட வேண்டும்.

நகலே தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. திருத்தப்பட்ட விடைத்தாள் ‘தகவல்’ என்றும், எழுதியவர் அதைப் பார்க்கவும் நகல் பெறவும் உரிமையுள்ளவர் என்றும் உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில், சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் தீர்ப்பளித்தது. திருத்துநரின் பெயரை மட்டும் கேட்க முடியாது. பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதினால் 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் விடைத்தாளைப் பாதுகாக்கும் காலத்தை நிறுவனத்தின் விதி வரையறுக்கிறது. அது முடிந்து தாள் அழிக்கப்பட்டபின் உரிமை இருந்தும் பயனில்லை.

நீதிமன்றம் கடைசிப் படி, குறுகலான படியும்கூட. விதியில் மறுமதிப்பீடு இல்லாத இடத்தில், நீண்ட விளக்கமே தேவைப்படாத அளவுக்குப் பிழை வெளிப்படையாகத் தெரிந்தால்தான், அதுவும் அரிதாகத்தான், நீதிமன்றம் தலையிடலாம் என்று 2017-இல் ரண் விஜய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 12-ஆம் கேள்விக்கு 6-ஆ 9-ஆ என்ற வழக்கு அந்தப் படியில் நிற்பது கடினம். 8 என்பது 3 ஆனதற்கும், சிவப்பு மை படாத மூன்று பக்கங்களுக்கும் விளக்கம் தேவையில்லை.