விரல் படிக்கும் இதயப் படம்

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இதயத்தின் உள்ளமைப்பைக் காட்டும் படம் அரைப் பக்கத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும். அதற்குள் நான்கு அறைகள், வால்வுகள், ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டுப் போகும் ரத்தக் குழாய்கள், சிவப்பு, நீலம் என இரண்டு வண்ணங்கள், அம்புக்குறிகள், சுற்றிலும் ஒரு டஜன் பெயர்கள். கண்ணால் பார்க்கும் மாணவருக்கு முதல் பார்வையிலேயே மொத்த உருவமும் பிடிபட்டுவிடும். விவரங்களுக்குப் பிறகு வரலாம். பார்வையற்ற மாணவரின் விரலுக்கு அப்படியில்லை. தொட்ட இடம் மட்டும்தான் தெரியும். துண்டு துண்டாகத் தொட்டதை மனதில் சேர்த்துத்தான் முழுப் படத்தை உருவாக்க வேண்டும்.

அதனால் அந்தப் படத்தின் கோடுகளை அப்படியே புடைப்பாக்கித் தந்தால் பயன் இல்லை. விரல்நுனிக்கு இரண்டு புள்ளிகள் இரண்டாகத் தெரிய வேண்டுமானால் அவற்றுக்கிடையே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வேண்டும். பிரெய்ல் புள்ளிகள் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கோடுகளுக்கு இடையே குறைந்தது 3 மில்லிமீட்டர் விட வேண்டும் என்பது தொடுபடம் தயாரிப்பவர்களின் நடைமுறை. புத்தகப் படத்தில் நுரையீரல் தமனியும் பெருந்தமனியும் குறுக்கிடும் இடத்தில் அதைவிட நெருக்கமாக நான்கைந்து கோடுகள் ஓடுகின்றன. விரலுக்கு அது வெறும் மேடு.

ஆகவே முதல் வேலை, படத்தைப் பிரிப்பது. ஒரு இதயத்துக்கு மூன்று தாள்கள். முதல் தாளில் வெளிக்கோடு, நடுத்தடுப்பு, நான்கு அறைகள், இவ்வளவே. இரண்டாவதில் அதே உருவம் அதே அளவில், கூடவே ரத்தக் குழாய்கள். மூன்றாவதில் ரத்தம் போகும் வழி. மூன்றிலும் இதயம் தாளின் அதே இடத்தில் அமைய வேண்டும். ஒரு தாளில் அறிந்துகொண்ட இடத்தை விரல் அடுத்த தாளில் தானாகத் தேடிப் போகும். பெருந்தமனி, நுரையீரல் தமனிக்குப் பின்னால் நுழைந்து போகும் இடத்தில் பின்னால் போவதன் கோட்டைச் சற்று அறுத்துவிட்டுத் தொடர வேண்டும். பெயர்களை முழுதாக எழுத இடம் போதாது, ஏனென்றால் பிரெய்ல் எழுத்தைச் சிறிதாக்க முடியாது. ஓரிரு எழுத்துக் குறியை அறைக்குள் வைத்து, அதன் விளக்கத்தைத் தனித் தாளில் தருவார்கள்.

சிவப்பையும் நீலத்தையும் சொரசொரப்பாக மாற்றலாம். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் ஓடும் பகுதிகளில் மெல்லிய உப்புத்தாள், ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்துக்கு வழுவழுப்பு. இந்த மாற்றத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தமனி என்றாலே நல்ல ரத்தம் என்று மனப்பாடம் செய்த மாணவி, நுரையீரல் தமனியைத் தொடும்போது உப்புத்தாள் நெருடுகிறது. தமனி என்பது இதயத்திலிருந்து வெளியே போகும் குழாய், உள்ளே ஓடுவது எந்த ரத்தமாகவும் இருக்கலாம் என்பதை அங்கே அவளுக்கு விளக்குவது எளிது. உப்புத்தாளுக்கு நீலமே பூசி விடுங்கள். ஓரளவு பார்வை உள்ளவர்களும் அதே வகுப்பில் இருப்பார்கள்.

இதற்குப் பொருள் என்ன வேண்டும்? வெப்பம் பட்டால் கறுப்புக் கோடுகள் மட்டும் உப்பி எழும் சிறப்புத் தாள் இருக்கிறது, நேர்த்தியாக வரும், ஆனால் தாளும் கருவியும் விலை அதிகம். அது இல்லாவிட்டாலும், தையல்காரர்கள் துணியில் குறி போடும் பல்சக்கரம், ஒரு ரப்பர் ஷீட், கெட்டியான பிரெய்ல் தாள் ஆகியவை போதும். ரப்பர்மேல் தாளை வைத்துச் சக்கரத்தை அழுத்தி உருட்டினால் மறுபக்கம் புள்ளிக்கோடு எழும்.

இங்கேதான் பெரிய ஆபத்து. அழுத்துவது பின்பக்கம், தொடுவது முன்பக்கம். புத்தகப் படத்தை நகலெடுத்து நேராக மேலே வைத்து உருட்டினால் இடவலம் மாறிய இதயம் கிடைக்கும். வேறு பல படங்களில் அது பெரிய குற்றமில்லை. இதயத்தில் பாடமே தலைகீழாகிவிடும். மெல்லிய தாளில் நகலெடுத்து, அதைக் கவிழ்த்து, பின்புறம் தெரியும் கோடுகளின்மேல் உருட்ட வேண்டும். சரியா என்று பார்க்க ஒரே சோதனை: புடைப்புப் பக்கத்தில், கீழே தடித்த சுவருள்ள அறை படிப்பவரின் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அதுதான் இடது வென்ட்ரிக்கிள்.

வலக்கைப் பக்கம் இருப்பது எப்படி இடது ஆகும் என்று மாணவர் கேட்பார். பார்வையுள்ள பிள்ளைகளுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. எதிரே நிற்பவரின் இதயம் அது என்று சொல்வதைவிட, தாளை எடுத்து, புடைப்புப் பக்கம் வெளியே இருக்கும்படி தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். படத்தின் இடது வென்ட்ரிக்கிள் அவருடைய இடப்பக்கமே வந்துவிடும்.

இன்னொரு தடை, வெட்டுத்தோற்றம் என்பதே கண்ணுக்குப் பழகிய வழக்கம். முழுப் பொருளைப் பிளந்து உள்ளே காட்டுவது என்றால் என்னவென்று படத்தைத் தொட்டு மட்டும் புரியாது. கறிக்கடையில் ஆட்டின் இதயம் ஒன்று வாங்கி, கழுவி, முன்பாதி பின்பாதியாக வெட்டிக் கொடுங்கள். மூடித் தொடட்டும், திறந்து தொடட்டும். இடது வென்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிட எவ்வளவு கனமானது என்பதைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நொடியில் சொல்லிவிடும். ஒன்று நுரையீரல் வரை தள்ளினால் போதும், மற்றது உடல் முழுக்கத் தள்ள வேண்டும். மூன்று வயதில் பார்வையிழந்த கீராட் வெர்மெய், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆய்வாளராக இருந்து, சிப்பி ஓடுகளில் நண்டுகள் உடைத்து மீண்டும் வளர்ந்த தழும்புகளை விரலால் படித்தே பரிணாம ஆய்வு செய்தவர். திடப்பொருளில் விரலின் கூர்மை அப்படி. அதைத் தட்டைத் தாளோடு மட்டும் நிறுத்தக் கூடாது.

இனி குரல். "இதோ பாருங்க, இதிலிருந்து ரத்தம் இப்படி வந்து இங்கே போகுது" என்பதில் விரலுக்கு எதுவுமில்லை. மாணவர் முதலில் இரண்டு கைகளாலும் தாள் முழுவதையும் தடவிப் பார்க்கும் வரை ஆசிரியர் பேசாமல் இருக்க வேண்டும். பிறகு இப்படித் தொடங்கலாம்: "இது முன்பாதி நீக்கிய இதயம். தாளை முழுக்க நிறைக்குது. நடுவில் மேலிருந்து கீழே ஒரு தடுப்புச் சுவர். அதுக்கு ரெண்டு பக்கமும் மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை. இடது கையைச் சுவர்மேல் வச்சுக்கோ, வலது கையால கீழே வலப்பக்க அறையைத் தேடு." ஒரு கை நங்கூரமாக நின்றால்தான் மற்றது தொலையாது. விரல் சேர்ந்த பிறகே அடுத்த வாக்கியம். மாணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகக் கூடாது. ஆசிரியர் தன் கையைக் கீழே வைத்து, அவர் கை மேலே சவாரி செய்யட்டும். வண்ணம், அலங்காரம், ஓரத்து எல்லைக்கோடு இவற்றையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

படம் தேறியதா என்று அறிய, பார்வையுள்ள ஆசிரியர் கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டுப் பார்ப்பது பயன்படாது. அவர் நினைவில் ஏற்கெனவே புத்தகப் படம் இருக்கிறது. விரல் அதைத்தான் நிரப்பிக்கொள்ளும். மாணவரிடம், "பாதத்திலிருந்து திரும்பி வரும் ஒரு சொட்டு ரத்தம் நீ, வழியைக் காட்டு" என்று கேட்க வேண்டும். விரல் கீழ்ப்பெருஞ்சிரை வழியே வலது ஏட்ரியம், வலது வென்ட்ரிக்கிள் என்று வந்து நுரையீரல் தமனியில் ஏறினால் சரி. நடுச்சுவரைத் தாண்டி இதயத்தின் இடப்பக்கம் குதித்தால், பிழை பெரும்பாலும் தாளில் இருக்கும்: சுவர்க்கோடு மெலிந்திருக்கும், அல்லது எங்கோ உருட்டும்போது விட்டுப்போயிருக்கும். வால்வில் நின்றுவிட்டால், வால்வுக்காக விட்ட இடைவெளி விரல்நுனி நுழையாத அளவுக்குக் குறுகியது என்று பொருள். எங்கே தயங்கினார் என்று குறித்துக்கொண்டு அந்தத் தாளை மட்டும் மறுபடி உருட்டினால் போதும்.