நாற்பத்தைந்து விநாடி விளம்பரத்தை முப்பதில் அடக்குவது

பண்பலை வானொலியில் விளம்பர நேரத்தை விநாடிக் கணக்கில் விற்கிறார்கள். ஊர்க் கடைக்காரர் ஒருவர் முப்பது விநாடிக்குப் பணம் கட்டிவிட்டு, எழுதிவைத்த தாளை எடுத்து நீட்டுவார். அறிவிப்பாளர் நிதானமாகப் படித்துப் பார்த்தால் நாற்பத்தைந்து விநாடி வரும். தமிழில் அரை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐம்பது சொல்தான் கொள்ளும். அப்படியென்றால் மூன்றில் ஒரு பங்கு போக வேண்டும். 'கொஞ்சம் வேகமாகப் படித்துவிடுங்கள்' என்று சிலர் வழி சொல்வார்கள். மியூச்சுவல் ஃபண்ட் எச்சரிக்கையை அவசரமாகச் சொல்லி முடிப்பதை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம். அதில் என்ன சொன்னார்கள் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம். இது நானே எழுதியது; ஆனால் இந்த அச்சில் வார்த்தவற்றை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். செக்கு எண்ணெய்க் கடை ஒன்றின் முதல் வரைவு:

"பாரம்பரியமும் தரமும் ஒன்றிணைந்த எங்கள் நிறுவனத்தின் சார்பாக உங்கள் அனைவருக்கும் அன்பான வணக்கம்! இன்றைய அவசர உலகில் ஆரோக்கியம் என்பது மிகவும் முக்கியமான ஒன்றாகும். அதனால்தான் நாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட தரமான சிறந்த எள்ளைக் கொண்டு, நாட்டு வாகை மரத்தால் செய்யப்பட்ட செக்கில், கருப்பட்டி சேர்த்து, எந்தவிதக் கலப்படமும் இல்லாமல் சுத்தமான, சுகாதாரமான முறையில் நல்லெண்ணெயைத் தயாரித்து வழங்கி வருகிறோம். செவ்வாய், வெள்ளி ஆகிய இரண்டு நாட்களிலும் காலை நேரத்தில் எண்ணெய் ஆட்டப்படுகிறது. வாடிக்கையாளர்கள் நேரில் வந்து, ஆட்டுவதைத் தங்கள் கண்களால் பார்த்து வாங்கிச் செல்லலாம். ஒரு லிட்டர் நல்லெண்ணெயின் விலை ரூபாய் 420 மட்டுமே. ஒருமுறை வாங்கிப் பாருங்கள், வித்தியாசத்தை உணருங்கள்!"

மொத்தம் 72 சொல். 48-க்குக் கொண்டுவர வேண்டும். பழகாதவர்கள் இந்த இடத்தில் வரிக்கு வரி ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்க ஆரம்பிப்பார்கள். 'மிகவும்' போகும், 'நாட்டு' போகும், ஒரு மணி நேரமும் போகும். தாள் அப்படியேதான் இருக்கும். முதலில் முழு வாக்கியங்களைத்தான் பார்க்க வேண்டும். அந்த வாக்கியத்தை ஜவுளிக்கடை விளம்பரத்திலோ பல் மருத்துவமனை விளம்பரத்திலோ அப்படியே ஒட்ட முடியுமா? முடியும் என்றால் அது இந்தக் கடையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

வணக்கம் சொல்லும் முதல் வாக்கியத்தில் 10 சொல். அவசர உலகத்தைப் பற்றிய இரண்டாவதில் 8. 'வித்தியாசத்தை உணருங்கள்' என்று முடிகிற கடைசி வாக்கியத்தில் 5. மூன்றும் எந்தக் கடைக்கும் ஒட்டும். அவை போனதும் 'அதனால்தான்' எதைச் சுட்டுகிறது என்றே தெரியாமல் தொங்கும், அதுவும் போகட்டும். 24 சொல் குறைந்தாயிற்று. எண்ணெயைப் பற்றிய ஒரு செய்தியைக்கூட நாம் தொடவில்லை. பெரும்பாலான வரைவுகளில் கொழுப்பு இப்படித் தலையிலும் வாலிலும்தான் சேர்ந்திருக்கும். எழுதுபவர் விஷயத்துக்கு வருமுன் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். முடிக்கத் தெரியாமல் கைகூப்புகிறார்.

கணக்கு முடிந்துவிட்டதே என்று இங்கே நிறுத்தினால் பெரிய ஓட்டை ஒன்று அப்படியே இருந்துவிடும். வரைவை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கடையின் பெயர் என்ன? எங்கே இருக்கிறது? 72 சொல்லில் அது இல்லை. சமையலறையில் வேலை செய்துகொண்டே வானொலி கேட்பவரால் பக்கத்தைத் திருப்பி மறுபடி பார்க்க முடியாது. பெயரை இரண்டு முறையாவது சொல்ல வேண்டும். அதற்கு இடம் வேண்டுமென்றால், எஞ்சிய 48-லும் கை வைத்தாக வேண்டும்.

இப்போது சொல் சொல்லாகப் பார்க்கலாம். 'தேர்ந்தெடுக்கப்பட்ட தரமான சிறந்த எள்' என்பதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மட்டமான எள்ளில் ஆட்டுகிறோம் என்று எந்தக் கடையாவது சொல்லுமா? எதிர்ச்சொல்லை யாருமே சொல்ல மாட்டார்கள் என்றால் அந்த அடைமொழியால் பயனில்லை. 'சுத்தமான, சுகாதாரமான முறையில்' என்பதும் அப்படியே. 'எந்தவிதக் கலப்படமும் இல்லாமல்' என்பது இன்னும் மோசம். அதுவரை கலப்படத்தை நினைக்காதவரையும் அது நினைக்க வைக்கும். உள்ளே என்ன போகிறது என்று சொன்னால் போதும். 'மரத்தால் செய்யப்பட்ட செக்கில்' என்பது மரச்செக்கு. 'ஆகிய இரண்டு நாட்களிலும்' தேவையில்லை. செவ்வாய், வெள்ளி என்றாலே இரண்டு என்று தெரியும். கண்களால்தான் பார்க்கிறோம்.

'420 மட்டுமே' என்பதிலுள்ள 'மட்டுமே'வைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மளிகைக் கடையில் இதைவிட மலிவாக எண்ணெய் வாங்குபவருக்கு அது எரிச்சலைத்தான் தரும். அவர் மனதில் எழும் கேள்வி, ஏன் இவ்வளவு விலை என்பது. ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள் வேண்டும் என்று செக்கு ஓட்டுபவர்கள் சொல்வார்கள். எள்ளின் விலை தெரிந்தவர் கணக்கைத் தானே போட்டுக்கொள்வார். முதல் வரைவில் இல்லாத இந்த ஒரு செய்தி, நீக்கிய அடைமொழிகள் அத்தனையையும்விட நன்றாக விற்கும். எத்தனை மணிக்கு ஆட்டுகிறார்கள் என்பதையும் கடைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

"செவ்வாய், வெள்ளி காலை ஆறு மணிக்கு எங்கள் வாகை மரச்செக்கு சுற்றத் தொடங்கும். எள்ளும் கருப்பட்டியும் மட்டும்தான் உள்ளே போகும். பக்கத்தில் நின்று பார்த்தே வாங்கலாம். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள் ஆகிறது. விலை 420 ரூபாய்."

இது 30 சொல். மீதி 18 சொல்லில் கடையின் பெயரைத் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லலாம். பேருந்து நிலையத்துக்குப் பின்புறமா, கோயில் தெருவா என்று அடையாளமும் சொல்லலாம். கடைக்காரர் 'பாரம்பரியம் போய்விட்டதே' என்று முகம் சுளித்தால், கடை தொடங்கிய ஆண்டைக் கேளுங்கள். அது பழைய ஆண்டாக இருந்தால் அந்த எண்ணைச் சேர்த்துவிடுங்கள், வேலை முடிந்தது.

தமிழில் சொல்லை எண்ணிக் குறைப்பதில் ஒரு தில்லுமுல்லும் உண்டு. 'வழங்கி வருகிறோம்' என்பதைச் சேர்த்து எழுதினால் இரண்டு ஒன்றாகிவிடும். எண்ணிக்கை குறையும், நேரம் குறையாது. ஆகவே கடைசித் தீர்ப்பு கடிகாரத்துடையது. குறுஞ்செய்தி விளம்பரத்தில் கணக்கு இன்னும் கறார். தமிழில் ஒரு செய்திக்கு 70 குறியீடுகள்தான். புள்ளியும் கொம்பும் துணைக்காலும் தனித்தனியே கணக்கில் சேரும்.

வெட்டக் கூடாதவையும் உண்டு. தள்ளுபடி எந்தத் தேதி வரை, எந்தக் கிளையில், கையிருப்பு உள்ளவரையா என்பவை நீளமாகத் தெரிந்தாலும் இருந்தாக வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்கின்றன. இடமில்லை என்று அதை விழுங்கினால், மிச்சமாகும் மூன்று விநாடிக்கு வழக்குச் செலவு ஈடாகாது.

எல்லா விளம்பரமும் குட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. டேவிட் ஓகில்வி 1958-இல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய விளம்பரம் பத்திப் பத்தியாக நீளும். ஆனால் அதில் வரிசையாக வருபவை காரைப் பற்றிய தகவல்கள்.

வெட்டியது சரிதானா என்று பார்க்க, தாளைப் பார்க்காத ஒருவருக்கு ஒரே ஒரு முறை படித்துக் காட்டுங்கள். என்ன பொருள், எந்தக் கடை, என்றைக்குப் போக வேண்டும், என்ன விலை என்று கேளுங்கள். நான்கில் ஒன்றுக்கு அவர் தடுமாறினாலும் வெட்டு போதவில்லை, அல்லது தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. ஒலிப்பதிவுக்கு நேரம் குறிக்குமுன் இதைச் செய்துவிடுங்கள். பதிவான பிறகு மாற்றினால் மறுபடியும் செலவு.