ஊர் பெயர் இல்லாத ஒரு வரி

தனியாகப் பயணம் போன தோழி, பதிவிடும் முன் எனக்கு அனுப்பிய வரி இது: "கோத்தகிரி. இன்னும் இரண்டு நாள் இதே திண்ணைதான்!" ஊர், நாள், தங்குமிடம் மூன்றும் அதில் இருந்தன. பதறிப்போய் மாற்றச் சொன்னேன்.

"தேயிலைச் சரிவில் மூடுபனி இறங்குகிறது. சூடான டீ, கையில் நொறுங்கும் வர்க்கி."

வர்க்கி நீலகிரியைக் காட்டிக்கொடுக்கும், வீட்டைக் காட்டாது. அந்த அளவு போதும்.

படத்தின் ஓரத்தில் வீட்டின் பெயர்ப்பலகை தெரிந்தது, வெட்டினோம். இருப்பிடக் குறியையும் எடுத்தோம். ஆனால் விடுதியின் விளம்பரப் படத்திலும் அதே திண்ணை இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இடம் பிடிபட்டுவிடும். அதனால் அறையைக் காலிசெய்து, வீடு வந்து சேர்ந்த பிறகே பதிவிட்டாள்.