கோடுகள் வெட்டும்போது கரையும் லாபம்

20 நாள் சராசரி விலை 50 நாள் சராசரியைத் தாண்டினால் பங்கை வாங்கு, கீழே இறங்கினால் விற்றுவிடு. இந்த விதியைப் பழைய விலைகளில் சோதிக்கும்போது, இன்று சந்தை முடிந்தபின் தெரியும் சமிக்ஞைக்கு நாளைதான் வாங்க முடியும். இன்றைய விலையிலேயே வாங்கியதாக எழுதினால் லாபம் பொய்யாக உயரும்.

ஓராண்டில் செலவுக்கு முன் 11% லாபம் என்று வைத்துக்கொள்வோம். 6 முறை வாங்கி, 6 முறை விற்றால் மொத்தப் பணமும் 12 முறை கைமாறுகிறது. தரகு, வரி, நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள இடைவெளி எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு முறையும் 0.25% போனால், 1.11-ஐ 0.9975-ஆல் 12 முறை பெருக்க வேண்டும். மிஞ்சுவது 7.7%. சும்மா வைத்திருந்தவருக்கு 9% கிடைத்திருந்தால் விதி தோற்றுவிட்டது. போக்கில்லாமல் ஏறி இறங்கும் சந்தையில்தான் கோடுகள் அடிக்கடி வெட்டிக்கொள்ளும். செலவு அதிகம் கடிப்பதும் அங்கேதான்.