மெட்டு ஒன்று, நடை வேறு – 9: நிலாப் பாட்டுக்கு எழுந்து நின்ற நாடு

திங்கட்கிழமை காலை, ஜொகூர் தமிழ்ப்பள்ளிகளில் சபை கூடல். பிள்ளைகள் நேராக நின்று முதலில் தேசியப் பண்ணான ‘நெகாராகூ’ பாடுகிறார்கள். அடுத்து மாநிலப் பண்ணான ‘பங்சா ஜொகூர்’. அந்த முதல் பாட்டின் மெட்டு, அவர்களுடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் நடன விடுதிகளில் ஒலித்த ஒரு காதல் பாட்டினுடையது.

அதன் பெயர் ‘தெராங் பூலான்’, அதாவது நிலா வெளிச்சம். மெட்டு பிரெஞ்சு வழியில் வந்தது என்றும், நாடு கடத்தப்பட்ட பேராக் சுல்தான் அப்துல்லா சீஷெல்ஸ் தீவில் அதைக் கேட்டார் என்றும் சொல்வார்கள். பேராக்கின் மாநிலப் பண்ணுக்கும் அதே மெட்டுதான். இந்தோனேசியாவிலிருந்து வந்த பங்சாவான் நாடகக் குழு ஒன்று அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தது. 1920, 30களில் அது ஊரெல்லாம் முணுமுணுத்த பாட்டு.

‘தெராங் பூலான்’ பாடும் கெரொஞ்சோங் குழுவில் சின்னஞ்சிறு கித்தார்கள் இரண்டு ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று புகுந்து தெறிக்கும். செல்லோவை வில்லால் இழுக்காமல் விரலால் சுண்டி, மத்தளம்போல் ஆக்கிவிடுவார்கள். சுண்டிய நாதம் உடனே தேய்ந்துவிடும். அந்த வெற்றிடத்தில்தான் பாடகியின் குரல் சாவகாசமாக நீள்கிறது, தாளத்துக்குச் சற்றுப் பிந்தி வந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. ஏக்கம் அந்தப் பிந்தலில் இருக்கிறது.

1947இல் ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் ஹவாயன் செரனேடர்ஸ் குழு இதே மெட்டை ‘மமூலா மூன்’ என்று பதிவு செய்தது. ஹவாய் கித்தாரில் கம்பியின்மேல் உலோகத் துண்டு வழுக்குவதால் ஒரு ஸ்வரம் அடுத்த ஸ்வரத்துக்குக் குதிக்காது, இழைந்து போகும். வீணையில் கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும். மெட்டு மாறவில்லை, ஆனால் கண்முன் வருவது தென்னையும் கடற்கரையும்.

பத்தே ஆண்டுகளில் அந்த மெட்டு மரியாதைக்குரியதாகிவிட்டது. மலாயாவின் சுதந்திரம் நெருங்கியபோது தேசியப் பண்ணுக்காக உலகளாவிய போட்டி வைத்தார்கள். வந்த 514 மெட்டுகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன், சுபிர் சாயிட் போன்றோரிடம் கேட்டு வாங்கியவையும் மனதுக்கு ஒட்டவில்லை. துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு 1957 ஆகஸ்ட் 5 அன்று பேராக் பண்ணின் மெட்டையே எடுத்துக்கொண்டது. ஊதுகருவிகளும் முரசும் அதைக் கையில் எடுத்ததும், வெற்றிடம் தேடி நீண்ட குரல் போய், நூறு பேர் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும் ஓசை வந்தது. பித்தளைக் குழல் ஊதிய ஸ்வரத்தை ஊதுபவரின் மூச்சு இருக்கும்வரை கனம் குறையாமல் தாங்கும். கெரொஞ்சோங்கில் தேய்ந்த இடம் இங்கே நிமிர்ந்து நிற்கிறது.

வாத்தியத்தையும் வரியையும் இவ்வளவு மாற்றியும் மக்கள் முகம் சுளிக்கவில்லை. 1992இல் வேகத்தை மாற்றியபோதுதான் சுளித்தார்கள். பாட்டு விரைவு அணிவகுப்பு நடைக்குப் போனது. சர்க்கஸ் கூடாரத்து இசைபோல் இருக்கிறது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். 2003இல் வா இட்ரிஸ் மறுபடி இசையமைத்துப் பழைய நடைக்கே திருப்பினார்.

ஸ்வரம் மாறாமல் வேகம் மட்டும் கூடினால் மனம் ஏன் முரண்டு பிடிக்கிறது? கணக்காகவே பார்க்கலாம். ஒரு வரி 16 தட்டு என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 80 தட்டு போகும் பாட்டில் அந்த வரிக்கு 12 வினாடி, 120 தட்டில் 8 வினாடி. வரி முடிவில் நான்கு தட்டு நிற்கும் ஸ்வரம் 3 வினாடியிலிருந்து 2 வினாடியாகிறது. பறிபோன அந்த ஒரு வினாடியில்தான் பாடுபவர் மூச்சு வாங்குகிறார், பாடிய சொல் அவருக்குள் இறங்குகிறது. அது இல்லாதபோது கால் நடக்கத் தொடங்குகிறது. நிற்க வேண்டிய இடத்தில் கால் பரபரப்பதுதான் ஒவ்வாமை. மெதுவாகவே பாடிப் பழகிய, நீண்ட ஸ்வரங்கள் கொண்ட மெட்டு இது, ஆகவே அடி இன்னும் பலமாக விழுந்தது. துள்ளல் பாட்டாக இருந்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது.

ஆனாலும் எல்லார் காதும் ஒன்றல்ல. 1993இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அந்த வேகம்தான் முதல் அறிமுகம். ஆறாண்டு தொடக்கப்பள்ளி, புகுமுக வகுப்பு, படிவங்கள் என்று வாரந்தோறும் அதே நடையில் பாடியது அந்தப் பிள்ளை. 2003இல் நான்காம் படிவத்தில் நின்றபோது மெதுவான பாட்டு ஒலித்தது. பெற்றோருக்குப் பழையது திரும்பி வந்தது, அந்தப் பிள்ளைக்கோ புதிதாக ஒன்று வந்தது. வாய் பழக்க வேகத்தில் அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும், வாத்தியம் முந்தைய ஸ்வரத்தையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கும்.