ஒரு மூட்டை சிமென்ட், எவ்வளவு கான்கிரீட்?

50 கிலோ சிமென்ட் மூட்டை ஏறத்தாழ 35 லிட்டர். கூரைத் தளத்துக்கான 1:1.5:3 கலவையில் அதோடு 52 லிட்டர் மணலும் 105 லிட்டர் ஜல்லியும் சேரும். கூட்டினால் 190 லிட்டரைத் தாண்டும். ஆனால் ஜல்லியின் இடுக்குகளை மணலும், மணலின் இடுக்குகளைச் சிமென்டும் நிரப்புவதால், இறுகிய கான்கிரீட் சுமார் 0.125 கன மீட்டர்தான் தேறும். 1:2:4 கலவையில் 0.16, அடித்தளத்துக்குக் கீழே போடும் 1:3:6 கலவையில் 0.22.

10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 12.5 செ.மீ. கனமுள்ள தளம் 10 கன மீட்டர். 80 மூட்டை வேண்டும். 63 மூட்டையிலேயே வேலை முடிந்தால், விழுந்தது 1:2:4 கலவை. பெரும்பாலும் சட்டிக் கணக்கில்தான் இப்படி ஜல்லி கூடிப்போகிறது. 35 லிட்டர் அளவுப் பெட்டியில் அளக்கச் சொல்லுங்கள். ஈர மணல் உப்பி நிற்கும் என்பதால், அதை மட்டும் சற்றுக் கூட்டி அளக்க வேண்டும்.