கடனுக்குக் கடன் நேராகுமா?

பெங்களூரு சிக்பேட்டையில் ஜவுளிக் கடை நடத்தும் வணிகர் ஒருவர் மீது, சேலைகள் அனுப்பிய மொத்த வியாபாரி ரூ.6,00,000 நிலுவை கேட்டு வழக்குத் தொடுத்துள்ளார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கும் மூன்று குறைகள் உண்டு. வந்து சேராத வேறொரு சரக்குக்காக வியாபாரிக்கு அவர் கொடுத்த முன்பணம் ரூ.1,50,000 திரும்பவில்லை. சாயம் போன சேலைகளால் ரூ.80,000 நட்டம். மேலும், வியாபாரியின் தம்பி தனியே நடத்தும் நிறுவனம் ரூ.50,000 தர வேண்டும். இம்மூன்றையும் சட்டம் ஒரே விதமாகப் பார்ப்பதில்லை.

முன்பணம், தொகை நிச்சயமான கடன். ஆகவே உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-இன் கட்டளை 8, விதி 6-இன்படி அதனை 'செட்-ஆஃப்' ஆக, அதாவது வாதியின் கோரிக்கையிலிருந்து கழித்துக்கொள்ளுமாறு கேட்கலாம். அக்கடன் காலாவதியாகாததாக இருத்தல் வேண்டும்.

சாயம் போனதால் ஏற்பட்ட நட்டம் அவ்வாறானதன்று. எவ்வளவு என்பதை நீதிமன்றமே சாட்சியங்களைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். இதற்குரிய வழி, 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட விதி 6ஏ தரும் எதிர்க்கோரிக்கை. இது ஒரு தனி வழக்குக்கு ஒப்பானது. வாதி தம் வழக்கைத் திரும்பப் பெற்றாலும் இது தொடர்ந்து நடைபெறும். கர்நாடகத்தில் இவ்விரண்டுக்கும், வழக்குரைக்குச் செலுத்துவது போலவே நீதிமன்றக் கட்டணம் செலுத்த வேண்டும்.

தம்பியின் ரூ.50,000 வேறொருவரது கடன். அண்ணனின் கணக்கில் அதனைக் கழிக்க இயலாது. தம்பியையும் வழக்கில் சேர்த்தால் என்ன? கட்டளை 1, விதி 10-இன்படி, வழக்கைத் தீர்க்கத் தேவைப்படுபவரையே நீதிமன்றம் சேர்க்கும். சேலை நிலுவையைத் தீர்மானிக்கத் தம்பி தேவையில்லை. எனவே அவர் மீது தனி வழக்கே வழி. பணம் எவர் கணக்குக்குச் சென்றது என்பதை வங்கிக் கணக்கு அறிக்கை காட்டிவிடும். வழக்கறிஞரைக் காணுமுன் அதில் பெறுநர் பெயரைச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

காலவரம்பிலும் கவனம் தேவை. ரூ.3,00,000 அல்லது அதற்கு மேற்பட்ட இத்தகைய வணிகத் தகராறு வணிக நீதிமன்றத்துக்கு உரியது. அங்கு அழைப்பாணை கிடைத்த 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் நீட்டிப்புக் கிடைக்கலாம்; எனினும் 120 நாட்களுக்குப் பின் அவ்வுரிமை பறிபோகும். செட்-ஆஃப், எதிர்க்கோரிக்கை ஆகிய இரண்டும் எதிருரையிலேயே இடம்பெற வேண்டியவை. பொதுவாக உரிமையியல் வழக்குகளில், எழுவினாக்கள் வனையப்பட்ட பின் எதிர்க்கோரிக்கையை ஏற்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2019-இல் கூறியுள்ளது. தவறவிட்டவருக்குத் தனி வழக்கே மிஞ்சும். அதுவும் பெரும்பாலும் மூன்றாண்டுக் காலவரம்புக்கு உட்பட்டதே.

வியாபாரியின் நிலுவையும், கடைக்காரரின் முதலிரண்டு கோரிக்கைகளும் முழுமையாக மெய்ப்பிக்கப்பட்டால், வட்டியும் செலவும் நீங்கலாகக் கடைக்காரர் செலுத்த வேண்டியது ரூ.3,70,000 மட்டுமே.